ஆறு மில்லிமீட்டர்: கைக்கு அடங்கும் போனா, கண்ணுக்கு நிறையும் போனா?

அக்காவின் பழைய போன் சார்ஜ் நிற்காமல் போனபோது, புதிதாக எதை வாங்குவது என்ற கேள்வி என்னிடம் வந்தது. எந்த வகை, எந்தத் தயாரிப்பு என்பதை எல்லாம் அவளே முடிவு செய்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒன்றுதான். "ஒரே போன், ரெண்டு சைஸ்ல இருக்கு. எதை எடுக்கட்டும், சொல்லுடா" என்றாள்.

சின்னக் கேள்வி போலத் தெரிந்தாலும் அவள் விஷயத்தில் அது சின்னதில்லை. அவளுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது, எழுத்து பெரிதாக இருந்தால்தான் படிக்க முடியும். ஆனால் அவள் அதிகம் படிப்பது பேருந்தில், நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி. கண் பெரிய போனைக் கேட்கிறது, கை சின்ன போனைக் கேட்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு வேண்டும்.

அவள் பார்த்து வைத்திருந்தது ஐபோன் 16-ம், அதன் பெரிய அண்ணனான 16 பிளஸ்ஸும். இந்த ஜோடி ஒப்பிடுவதற்கு நல்ல ஜோடி. இரண்டிலும் அதே சிப், அதே கேமரா, அதே தடிமன், திரையில் அதே அளவு நுணுக்கம். மாறுவது நீளம், அகலம், எடை, அதோடு பேட்டரி மட்டும். அதனால் ஒரு வித்தியாசம் தெரிந்தால் அது அளவினால் வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். நீங்கள் வேறு தயாரிப்பு பார்ப்பவராக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. இப்போது வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு அளவுகளில் ஒன்றை ஒட்டியேதான் இருக்கின்றன.

சின்னது 147.6 மில்லிமீட்டர் நீளம், 71.6 அகலம், 170 கிராம். பெரியது 160.9 நீளம், 77.8 அகலம், 199 கிராம். அகலத்தில் வித்தியாசம் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுமேல். இந்த ஆறு மில்லிமீட்டர்தான் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

அங்குலத்தை நம்பாதீர்கள்

கடையில் யாரும் அகலத்தைச் சொல்வதில்லை. 6.1 அங்குலம், 6.7 அங்குலம் என்றுதான் சொல்வார்கள். அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்த குறுக்குக் கோட்டின் நீளம். அந்தக் கோட்டை உங்கள் கை பிடிப்பதே இல்லை. கை பிடிப்பது அகலத்தை.

2017-ல் வந்த ஐபோன் 8 பிளஸ்ஸின் திரை 5.5 அங்குலம்தான். ஆனால் அந்த போனின் அகலம் 78.1 மில்லிமீட்டர். நான்கு வருடம் கழித்து வந்த 13 புரோ மேக்ஸின் திரை 6.7 அங்குலம். அதன் அகலமும் அதே 78.1 மில்லிமீட்டர். காரணம், பழையதில் திரைக்கு மேலும் கீழும் பட்டையாக இடம் விட்டிருந்தார்கள், திரையும் 16:9 என்ற குட்டையான விகிதத்தில் இருந்தது. புதியதில் ஓரங்கள் மெலிந்து, திரை ஒல்லியாகி நீண்டது. அங்குலம் ஒன்றேகால் அளவு கூடியும் கைக்கு ஒரு மாற்றமும் இல்லை. சோனியின் எக்ஸ்பீரியா 1 வரிசையில் இதற்கு நேர்மாறாகச் சில மாடல்கள் வந்தன. 6.5 அங்குலத் திரை, ஆனால் அகலம் 71 மில்லிமீட்டர்தான். கேட்டால் பெரிய போன், பிடித்தால் சின்ன போன்.

அதனால் விவரப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது அகலம். 72-க்குள் இருந்தால் பெரும்பாலான கைகளுக்கு ஒருகை போன். 75-ஐத் தாண்டினால் பெரிய கை உள்ளவர்களுக்கு மட்டும். 77, 78 என்றால் அது இருகை போன் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு வாங்குவது நல்லது. இது நான் பல போன்களைப் பிடித்துப் பார்த்து வைத்திருக்கும் கணக்கு. உங்கள் கைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அப்படி இப்படி இருக்கலாம். கவர் போட்டால் பக்கத்துக்கு ஒன்றரை வீதம் மூன்று மில்லிமீட்டர் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். கனமான கவர் போட்ட சின்ன போன், கவர் இல்லாத பெரிய போனை நோக்கிப் பாதி தூரம் போய்விடுகிறது.

ஒரு கையில் என்ன நடக்கிறது

போனை ஒரு கையால் பிடித்துப் படிக்கும்போது விரல்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பில் மூன்று விரல்களின் நுனி, எதிர்ப் பக்கத்தில் கட்டைவிரலின் அடிச்சதை, கீழே தாங்கலாகச் சுண்டுவிரல். கட்டைவிரல் மட்டும் வேலை செய்ய விடப்பட்டிருக்கிறது. போன் அகலமாக ஆக, விரல் நுனிகள் விளிம்பைப் பற்றும் அளவு குறைகிறது, கட்டைவிரலின் அடி திரைக்குள் ஏறி வருகிறது. அப்போது இரண்டு தொல்லை சேர்ந்து வரும். கட்டைவிரல் எட்டும் தூரம் குறைகிறது. உள்ளங்கைச் சதை திரையில் பட்டு, தொடாததெல்லாம் தொட்டதாகிறது. படித்துக்கொண்டிருக்கும் பக்கம் தானாக நகர்கிறது, எழுத நினைத்த எழுத்து விழாமல் போகிறது என்றால் போன் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் அது பிடியின் குறை.

இதைச் சோதிக்க நான் செய்வது எளிது. வழக்கம்போல் ஒரு கையில் பிடித்து, மற்ற விரல்களைத் தளர்த்தாமல், திரையின் நடு உயரத்தில் எதிர் விளிம்பைக் கட்டைவிரலால் தொட வேண்டும். தொட முடிந்தால் சரி. அடுத்து கீபோர்டைத் திறந்து எதிர்ப்பக்கக் கடைசி வரிசை எழுத்துகளை அடிக்க வேண்டும். அதற்காகப் போனை உள்ளங்கையில் சற்றே உருட்டினீர்கள் என்றால் நாள் முழுக்க அதைத்தான் செய்யப்போகிறீர்கள். போன்கள் கை நழுவி விழுவது பெரும்பாலும் அந்த உருட்டலின்போதுதான். மேல் மூலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சின்ன போனிலும் அது எட்டாது. அதற்குத் திரையைக் கீழே இறக்கித் தரும் வசதி இருக்கிறது. ஐபோனில் Reachability, ஆண்ட்ராய்டில் One-handed mode என்ற பெயரில் செட்டிங்கில் கிடைக்கும். உயரத்தால் வரும் சிக்கலுக்கு மென்பொருள் இப்படி ஒரு வழி செய்கிறது. அகலமான பிடியைச் சுருக்கித் தர எந்த மென்பொருளாலும் முடியாது.

எடைக்கு வருவோம். 170-க்கும் 199-க்கும் இடையே 29 கிராம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் போனை நாம் நடுவில் பிடிப்பதில்லை, கீழ்ப்பகுதியில் பிடிக்கிறோம். அப்போதுதான் கட்டைவிரல் கீபோர்டுக்கு எட்டும். பிடி கீழிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்ன போனின் எடை மையம் அந்தப் பிடிக்கு மேலே கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டரில் இருக்கிறது, பெரியதில் 30-க்குச் சற்றுமேல். படுத்துப் படிக்கும்போதோ, போனைச் சாய்த்துப் பிடிக்கும்போதோ, அது முன்னால் கவிழாமல் தடுக்க மணிக்கட்டு செலவிடும் திருகுவிசை எடையையும் இந்தத் தூரத்தையும் பெருக்கி வருவது. பெருக்கிப் பார்த்தால், எடையில் 17 சதவீதமாக இருந்த வித்தியாசம் மணிக்கட்டில் 50 சதவீதமாக ஆகிவிடுகிறது. கேமராக்கள் எல்லாம் மேல் முனையில் இருப்பதால் உண்மையில் எடை மையம் நான் எடுத்ததைவிடக் கொஞ்சம் மேலேயே இருக்கும்.

இரண்டு வருடமாக நான் வைத்திருப்பது பெரிய அளவு போன். கவரும் கண்ணாடியும் சேர்த்து 240 கிராம் வருகிறது. ஆறேழு மாதத்தில் என் சுண்டுவிரலின் முதல் கணுவுக்குக் கீழே போன் உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. இரவில் அரைமணி நேரம் படித்தால் கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு இழுப்பு. இப்போது படுக்கையில் தலையணையை முட்டுக்கொடுத்துப் படிக்கிறேன், வலி இல்லை. ஆனால் வாங்கும்போது இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தால் 240 கிராம் ஒரு கனமே இல்லை. இருபதாவது நிமிடத்தில்தான் தெரியும்.

படிப்பதில் கிடைக்கும் லாபம்

பெரிய திரை என்றால் எழுத்தும் பெரிதாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கட்டுரையைத் திறந்து காட்டினேன். எழுத்து இரண்டிலும் ஒரே அளவு. அவளுக்கு ஏமாற்றம்தான்.

காரணம் இது. இந்த இரண்டு போனிலும் ஓர் அங்குலத்துக்கு 460 புள்ளிகள். ஒரே எழுத்து அளவு வைத்தால் இரண்டிலும் எழுத்தின் உயரம் மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றுதான். பெரிய திரை கூடுதலாகக் கொடுப்பது இடம் மட்டும். அகலத்தில் 9 சதவீதம், உயரத்தில் 9 சதவீதம், மொத்தப் பரப்பில் 20 சதவீதம். அந்த இடத்தில் கூடுதல் எழுத்து நிரப்புவதா, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வதா என்பது நம் கையில். சில ஆண்ட்ராய்டு போன்களில் பெரிய மாடல் எல்லாவற்றையும் சற்றே ஊதிக் காட்டும்படி அமைத்திருப்பார்கள், அங்கே எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரியும். செட்டிங்கில் அதை மாற்றிக்கொள்ளலாம், ஆக அங்கேயும் கதை இதேதான்.

எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளத் தீர்மானித்தால், ஒரு வரிக்கு அதே எண்ணிக்கைச் சொற்களோடு 9 சதவீதம் பெரிய எழுத்து கிடைக்கும். ஐபோனில் வழக்கமான எழுத்து 17 புள்ளி அளவு. அதற்கு அடுத்த படி 19. அது 12 சதவீதம் அதிகம். அதாவது பெரிய போனுக்கு மாறுவதால் கண்ணுக்குக் கிடைப்பது எழுத்து அளவுப் பட்டியில் ஒரு படிக்கும் குறைவான லாபம். அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க இரண்டு, மூன்று படி தேவைப்பட்டது.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. 'கொண்டிருந்தார்களா' என்பதை வரியின் கடைசியில் உடைக்காமல் வைக்க வேண்டும் என்றால், இடம் போதாதபோது முழுச்சொல்லும் அடுத்த வரிக்கு இறங்கிவிடும், முந்தைய வரியில் ஓட்டை விழும். வழக்கமான எழுத்து அளவில் சின்ன போனில் ஒரு வரிக்கு 24 எழுத்து அளவுக்கு வருகிறது, நாலு சொல் வரும். பெரியதில் 26. இரண்டு படி கூட்டி 21 ஆக்கினால் சின்னதில் 19 எழுத்து, பெரியதில் 21. வரிக்கு மூன்று சொல்லுக்கு வந்துவிட்டால் படிப்பது இடறத் தொடங்கும். கண் வரியைப் பிடிப்பதற்குள் வரி முடிந்துவிடும். சின்ன போனில் 21 அளவில் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம், பெரிய போனில் அதற்குச் சற்று முன்னால் நிற்கிறோம். வித்தியாசம் உண்மை, ஆனால் இரண்டு எழுத்து.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். உங்களுக்குத் தேவையான அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பத்து வரிகளில் எத்தனை சொல் என்று எண்ணுங்கள். 35-க்கு மேல் வந்தால் நிம்மதியாகப் படிக்கலாம். 30-க்குக் கீழே போனால் அந்தத் திரை உங்கள் கண்ணுக்குச் சின்னது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு போனும் சேர்ந்து தோற்கின்றன. ஏ4 தாளுக்காகச் செய்த பிடிஎஃப் கோப்புகள். தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், பெரிய போனின் திரை அகலம் 71. மூன்றில் ஒன்றாகச் சுருங்கி, 12 புள்ளி எழுத்து 4 புள்ளி ஆகிவிடும். சின்ன போனில் அதற்கும் கீழே. படுக்கவைத்துப் பார்த்தால் சின்னதில் 8, பெரியதில் 9-ஐ நெருங்கும். அரசாணை, பாடக் குறிப்பு, மருத்துவ அறிக்கை என்று பிடிஎஃப் நிறையப் படிப்பவர்கள் அதற்காகப் பெரிய போன் வாங்குவது வீண் என்பேன். டேப்லெட்தான் அதற்குச் சரி.

எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்99 விசைப்பலகையின் மேல் வரிசையில் ஆ, ஈ, ஊ தொடங்கி ஞ வரை 12 விசை. அதை அப்படியே வைத்திருக்கும் கீபோர்டு செயலியில், சின்ன போனில் ஒரு விசைக்கு 5.4 மில்லிமீட்டர் வருகிறது, பெரியதில் 5.9. ஆங்கிலப் பலகையில் வரிசைக்குப் பத்துதான் என்பதால் சின்ன போனிலேயே 6.5. அதாவது பெரிய போனில் தமிழ் அடிப்பது, சின்ன போனில் ஆங்கிலம் அடிப்பதைவிடவும் நெருக்கடி. நீளமாகத் தமிழ் அடிப்பவர்களுக்குப் பெரிய போன் உதவும், அதுவும் இரண்டு கட்டைவிரலாலும் அடித்தால் மட்டும்.

பேட்டரியில் பெரியதே வெல்கிறது

இதில் வாதத்துக்கு இடமில்லை. தயாரிப்பாளர் சொல்லும் வீடியோ ஓட்ட நேரம் சின்னதுக்கு 22 மணி, பெரியதுக்கு 27 மணி. நாம் பயன்படுத்தும் விதத்தில் இத்தனை மணி நேரம் வராது, ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் நிற்கும்.

பெரிய திரை அதிக மின்சாரம் இழுக்குமே, பிறகு எப்படி நேரம் கூடுகிறது என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. போனின் மொத்தக் கன அளவு 18 சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ் துளை எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. கூடுதலாகக் கிடைத்த இடம் பெரும்பகுதி பேட்டரிக்கே போய்விடுகிறது. அதனால் பேட்டரி 30 சதவீதம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. மறுபக்கம், திரை 20 சதவீதம் பெரிதானாலும் மொத்தச் செலவு அவ்வளவு கூடவில்லை. சிப்பும் சிக்னல் தேடும் ரேடியோவும் திரை அளவைப் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டால் செலவு 7 சதவீதம்தான் கூடியிருக்கிறது. வரவு 30, செலவு 7. மிச்சம்தான் அந்த ஐந்து மணி நேரம்.

சிக்னல் மோசமான இடத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். ரேடியோ இழுப்பது இரண்டிலும் ஒன்றே, தாங்கும் தொட்டி மட்டும் ஒன்றில் பெரிது.

வருடம் போகப் போக வித்தியாசம் வேறு விதமாக வரும். இந்த வகைப் போன்களின் பேட்டரி 1000 முழுச் சுற்று சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவில் நிற்கும் என்று ஆப்பிள் சொல்கிறது, நல்ல சூழ்நிலையில். சின்ன போனில் நாளுக்கு ஒரு முழுச் சுற்று செலவழிப்பவர் இரண்டே முக்கால் வருடத்தில் அங்கே போய்ச் சேருவார். அதே உபயோகம் பெரிய போனில் நாளுக்கு ஐந்தில் நாலு சுற்றுதான், அவர் போய்ச் சேர மூன்று வருடம் நாலு மாதம் ஆகும். அப்படி வயதாகி 80 சதவீதத்துக்கு இறங்கிய பெரிய போன், புத்தம்புதிய சின்ன போன் அளவுக்கு ஓடும். ஐந்து வருடம் ஒரே போனை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதிவிலக்கு வந்துகொண்டிருக்கிறது. சிலிக்கான்-கார்பன் பேட்டரி என்று ஒன்று, அதே பருமனில் அதிக மின்சாரம் அடைக்கக்கூடியது. 2025-ல் வந்த ஒன்பிளஸ் 13டி என்ற போன் 6.3 அங்குலத் திரை, 72-க்குள் அகலம், 185 கிராம் எடை, ஆனால் 6000 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் பேட்டரி. ஆண்ட்ராய்டு பக்கம் பார்ப்பவர்கள் பேட்டரிக்காக மட்டும் பெரிய உடலைச் சுமக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்துகொண்டு வருகிறது.

பை

நீளம் அதிகம் தொல்லை தரும் இடம் இது ஒன்றுதான். உங்கள் சட்டைப் பையின் ஆழத்தை அளந்து பாருங்கள். என்னுடையது 13 சென்டிமீட்டர். சின்ன போன் 2 சென்டிமீட்டருக்குக் கீழே வெளியே நீட்டும், பெரியது 3-க்கு மேல். அந்த நீட்டத்தில்தான் கேமராவின் கனம் இருக்கிறது. செருப்பு மாட்டக் குனிந்தால் பெரியது முன்னால் சரியும். பேன்ட் பையில் வேறு கதை. நிற்கும்போது எல்லாமே அடங்கும். உட்காரும்போது தொடை மடிப்பு வரும் இடத்தை விட போன் நீளமாக இருந்தால் அது இடுப்புப் பக்கம் குத்தும், அல்லது பையிலிருந்து மெல்ல மேலே ஏறி இருக்கையில் நழுவி விழும். எழுந்து நடந்த பிறகுதான் போன் இல்லாதது தெரியும். பெண்களுக்கான பேன்ட்களில் பை ஆழமே குறைவு என்பதால் அங்கே சின்ன போனும் சில நேரம் நிற்காது.

மடிக்கும் போன் பையைப் பொறுத்தவரை நல்ல விடை. சாம்சங் கேலக்ஸி இசட் ஃபிளிப் 5 மடித்தால் 85 மில்லிமீட்டர் நீளம்தான், தடிமன் 15. ஆனால் அகலம் அதே 72. மடிப்பு நீளத்தைத் தீர்க்கிறது, பிடியைத் தொடவில்லை.

அட்டைப் போன்

அக்காவிடம் ஒரு வாரம் பொறு என்றேன். வீட்டில் இருந்த அட்டைப்பெட்டியை வெட்டி, சின்னதன் அளவில் ஒன்று, பெரியதன் அளவில் ஒன்று, அடுக்கி ஒட்டி தடிமனைக் கொண்டுவந்தேன். உள்ளே இரும்பு வாஷர்களை வைத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, கவரோடு வரும் எடைக்குக் கொண்டுவந்தேன். ஒன்று 200 கிராம், மற்றது 230. வாஷர்களில் பாதிக்கு மேல் மேல் முனைப் பக்கம் வைத்தேன், கேமராவின் கனத்துக்காக. முன்பக்கம் ஒரு பக்கத்தை அச்செடுத்து ஒட்டினேன். முதல் மூன்று நாள் பெரியது, அடுத்த மூன்று நாள் சின்னது, பேருந்தில் வழக்கமாகப் படிக்கும் நேரத்தில் கையில் வைத்துக் கட்டைவிரலால் நகர்த்துவது போலச் செய்ய வேண்டும் என்று சொன்னேன். சிரிக்காமல் செய்தாள்.

மூன்றாம் நாள் மாலை அவள் சொன்னது: "எழுத்து நல்லா இருக்குடா. ஆனா வண்டி பிரேக் போட்டா எனக்கு கம்பியைப் பார்க்கறதா, போனைப் பார்க்கறதான்னு ஆயிடுது." சின்னதில் அந்தப் பயம் இல்லை. வலது கையால் பிடித்து இடது விளிம்பை அவள் கட்டைவிரல் தொட்டது, பெரியதில் விரல் நுனிக்கும் விளிம்புக்கும் ஒரு அரிசி அகலம் மிச்சமிருந்தது.

அப்புறம் கண்ணுக்கு வழி தேடினோம். பெரிய போன் ஒரு படிக்கும் குறைவாகத்தான் உதவும் என்பது தெரிந்துவிட்டது, அவளுக்குத் தேவை இரண்டு மூன்று படி. அந்த இடைவெளியைப் போனின் அளவால் அடைக்க முடியாது. சின்னதையே எடுத்து, எழுத்தை இரண்டு படி கூட்டி 21 ஆக்கினாள், தடித்த எழுத்தையும் போட்டுக்கொண்டாள், பேருந்தில் படிப்பதற்கென்று ஒரு படிப்புக் கண்ணாடி வாங்கிப் பையில் வைத்தாள். வரிக்கு மூன்று சொல்தான் என்றாலும் தொடர்கதைப் பத்திகள் சிறியவை என்பதால் அவளுக்கு இடறவில்லை. பேட்டரிக்காக அலுவலக மேசையில் ஒரு சார்ஜர் இருக்கிறது. நாள் முழுக்க வெளியே சுற்றும் வேலையாக இருந்திருந்தால் நானே பெரியதைத்தான் சொல்லியிருப்பேன், கையைப் பற்றிக் கவலைப்படாமல்.

உட்கார்ந்து, இரண்டு கையால், வீடியோவும் நீண்ட கட்டுரையும் பார்ப்பவர்களுக்குச் சின்னதில் ஒரு லாபமும் இல்லை. என் நண்பன் ஒருவன் மேசையில் சாய்த்து வைத்துத்தான் போனையே பார்ப்பான், அவனிடம் அகலக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அக்காவின் பெரிய அட்டைப் போன் இப்போது என் மேசையில் கிடக்கிறது. என் போனை மாற்றும் நாள் வரும்போது முதலில் அதிலிருந்து ஆறு மில்லிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாரம் என் சட்டைப் பையில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.